பொருள்: பிரீமியம் ‘லோடிங்’ – தமிழில் என்ன எழுதலாம்?

மொழிபெயர்ப்பாளர், கும்பகோணம்

வணக்கம். மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் கடிதம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். விண்ணப்பித்தவருக்கு வயது 46, வலங்கைமான் பக்கம் மளிகைக் கடை. பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 7.9 வந்திருக்கிறது. பாலிசி தருகிறார்கள். ஆனால் 18,000 ரூபாய் பிரீமியத்தின் மேல் 25 சதவீதம் லோடிங். சர்க்கரை நோய்க்கும் ‘அது சார்ந்த சிக்கல்களுக்கும்’ 36 மாதக் காத்திருப்பு. சம்மதமா என்று கேட்கிறார்கள். பழைய மாதிரிக் கடிதத்தில் லோடிங்குக்கு ‘பிரீமியச் சுமை’ என்று இருக்கிறது. கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, “நான் என்ன தப்பு செய்தேன், எதுக்கு அபராதம்?” என்கிறார். வேறு சொல் கிடைக்குமா?

விவசாயி, நீடாமங்கலம்

எங்கள் பக்கம் லோடிங் என்றால் கொள்முதல் நிலையத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றுவது. சுமை என்று எழுதினால் சுமைதூக்குபவர்தான் நினைவுக்கு வருவார். சம்பாவுக்கு வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டுகிறேன், இப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லையே?

காப்பீட்டு விண்ணப்பங்களை மதிப்பிடும் அண்டர்ரைட்டிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், மயிலாடுதுறை

ஐயா, பயிர்க் காப்பீட்டில் ஆளைப் பார்த்து விலை போடுவதில்லை. உங்கள் வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் ஒரே விகிதம். மருத்துவக் காப்பீட்டில் ஒவ்வொருவர் உடம்பையும் தனியாகப் பார்ப்பார்கள்.

சொல்லுக்கு முன் கடைக்காரரின் கேள்வியைப் பார்ப்போம். “சர்க்கரைக்கு மூன்று வருஷம் தரமாட்டேன் என்கிறான், பிறகு எதற்குக் கூடப் பணம்?” என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சர்க்கரை உள்ளவருக்குக் குடல்வால் அறுவை என்றால்கூடப் புண் ஆற நாளாகலாம், கிருமித்தொற்று எளிதில் வரும், படுக்கை நாள் கூடும். அந்தச் செலவைக் காத்திருப்புக் காலத்திலும் நிறுவனம் ஏற்க வேண்டும். 4,500 ரூபாய் கூடுதல் அதற்காக. இதைக் கடிதத்தில் ஒரு வரி எழுதினாலே அபராதம் என்ற எண்ணம் போய்விடும். எனவே ‘இடர்க்கூடுதல்’ என்பது என் யோசனை.

முகவர், திருவாரூர்

அருமை சார். நான் வாடிக்கையாளரிடம், “மூணு வருஷம் பொறுத்துக்கோங்க, அப்புறம் சர்க்கரைக்கும் கிடைக்கும், லோடிங்கும் போயிடும்” என்றுதான் சொல்வேன். ‘தற்காலிகக் கூடுதல்’ என்றே வைக்கலாமே?

ஓய்வு பெற்றவர், மயிலாடுதுறை

முதல் பாதி சரி, இரண்டாவது பாதி ஆபத்து. தொடர்ந்து புதுப்பித்துவந்தால் காத்திருப்பு 36 மாதத்தில் முடியும். லோடிங் தானாகப் போகாது. புதுப்பிக்கும்போதும் தொடரும். நல்ல ரிப்போர்ட்டோடு மறுபரிசீலனை கேட்கலாம், குறைப்பது அவர்கள் விருப்பம். இன்னொன்று, நிற்பது 25 சதவீதம், 4,500 ரூபாய் அல்ல. வயது ஏறி அடிப்படைப் பிரீமியம் 24,000 ஆனால் கூடுதல் 6,000 ஆகிவிடும். தற்காலிகம் என்ற சொல்லே வேண்டாம்.

‘அது சார்ந்த சிக்கல்கள்’ என்ற தொடர்தான் எனக்கு உறுத்துகிறது. இரண்டாம் வருஷம் நெஞ்சுவலி வந்தால் அது சர்க்கரையால் வந்ததா, இல்லையா என்று அன்றைக்குச் சண்டை போட வேண்டியிருக்கும். சிறுநீரகம், விழித்திரை, இதயம் என்று எவையெல்லாம் அதில் அடங்கும் எனச் சம்மதக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

ஆசிரியை, தஞ்சாவூர்

என் கணவருக்கு ரத்த அழுத்தத்தால் இதே மாதிரி கடிதம் வந்து மேசையில் கிடக்கிறது. பதில் போடாவிட்டால் பாலிசி வந்துவிடுமா? இல்லை, இதைச் சொல்லாமல் வேறு கம்பெனியில் போட்டுவிடலாமா?

ஓய்வு பெற்றவர், மயிலாடுதுறை

பேசாமல் இருப்பது சம்மதம் ஆகாதம்மா. சம்மதம் எழுதிக் கொடுத்து, கூடுதல் தொகையும் கட்டிய பிறகுதான் காப்பு தொடங்கும். வேண்டாம் என்றால் பணம் கட்டியிருந்தாலும் திருப்பி வாங்கலாம். வேறு கம்பெனிக்குத் தாராளமாகப் போகலாம். ஆனால் முன்பு எங்காவது மறுத்தார்களா, லோடிங் போட்டார்களா என்று விண்ணப்பத்தில் பொதுவாகவே கேட்டிருப்பார்கள். மறைத்தால், பாலிசி எடுத்துத் தொடர்ந்து 60 மாதம் ஆகும்வரை அதையே காரணம் காட்டி க்ளெய்மை மறுக்க இடமுண்டு. மோசடி என்று நிரூபித்தால் அதற்குப் பிறகும் மறுக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர், கும்பகோணம்

நன்றி ஐயா. இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: “தங்கள் உடல்நிலையைக் கருதி, அடிப்படைப் பிரீமியத்துடன் 25 சதவீதம் இடர்க்கூடுதல் (இவ்வாண்டு ரூ. 4,500) சேர்க்கப்படுகிறது. புதுப்பிக்கும்போதும் இது தொடரும். தாங்கள் ஏற்கவோ மறுக்கவோ செய்யலாம்.”

விவசாயி, நீடாமங்கலம்

வாக்கியம் புரிகிறது. ஆனால் ‘இடர்க்கூடுதல்’ என்று மட்டும் பார்த்தால் இடர் கூடிவிட்டது என்று படுகிறதே தவிர, பணம் என்று படவில்லை. ‘இடர்க் கூடுதல் கட்டணம்’ என்றால் என்ன?

ஓய்வு பெற்றவர், மயிலாடுதுறை

கட்டணம் என்றால் சேவைக் கட்டணத்தோடு குழம்புவார்கள். ‘இடர்க் கூடுதல் பிரீமியம்’ என்றால் ஒப்புக்கொள்வேன்.

ஆசிரியை, தஞ்சாவூர்

பிரீமியத்தை விடவே முடியாதா?