பிந்திப்போன கழாவுக்கு இன்னொரு பித்யா உண்டா?

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் கம்பளைப் பக்கம், ஷாஃபி மத்ஹப்.

போன ரமழானில் என் தங்கச்சி பால் கொடுக்கிற தாய். நோன்பு பிடித்துப் பார்த்தாள். ளுஹருக்குப் பிறகு பால் வற்றி, பிள்ளை மார்பை விட்டுவிட்டு அழும். அவளுக்கு உடம்பில் ஒன்றுமில்லை, பிள்ளைக்காக மட்டும்தான் மிச்சத்தை விட்டாள். அதனால் கழாவோடு, நோன்பொன்றுக்கு ஒரு முத்து அரிசி (கிட்டத்தட்ட 600 கிராம்) பித்யாவும் உண்டு என்றார் பள்ளி ஹஸரத். தனக்குப் பயந்து விட்டிருந்தால் கழா மட்டும்தானாம். விட்டது 25, 15 கிலோ அரிசி அளந்து ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுத்தாச்சு.

சிக்கல் கழாவில்தான். பால் மறக்கடிக்க முன்பே மறுபடி கர்ப்பம், இரத்தமும் குறைவு. நோன்பே வேண்டாம் என்றுவிட்டார் டொக்டர். அடுத்த ரமழான் நெருங்குகிறது, ஒன்றும் திருப்பவில்லை. சுகமில்லாத எங்கள் உம்மாவுக்குப் போல பித்யாவோடு முடியுங்கள் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அது சரியில்லை, உம்மாவுக்கு இனி நோன்பு முடியாது, இவளுக்குப் பிறகு முடியும். பிந்தினால் நோன்புக்கு இன்னொரு முத்து என்கிறார் ஒரு மௌலவி, தங்கடம் தொடர்ந்ததால் இல்லை என்கிறார் இன்னொருவர்.

இடையில் நோன்பு பிடிக்கக்கூடிய ஒரு நாளும் கிடைக்காதவளுக்கு, ஷாஃபி மத்ஹபில் பிந்தியதற்கான பித்யா கடமையா? ஓதியவர்கள் ஆதாரத்தோடு சொல்லுங்கள்.