[கலைச்சொல்] பேட்டரி ‘உப்பல்’: வீக்கமா, அதைப்பா, புடைப்பா?

மலர்விழி, மதுரை

அனைவருக்கும் வணக்கம். மாலை நேரப் படக்கலை வகுப்பு எடுக்கிறேன். மாணவர்களில் பாதிப்பேர் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கப் போகிறவர்கள். கேமரா பேட்டரியைப் பேணுவது பற்றி நாலு பக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பேட்டரி உள்ளே வாயு சேர்ந்து பருத்துக்கொள்கிறதே, அதற்கு என்ன பெயர் வைக்கலாம்?

கேட்பதற்குக் காரணம் உண்டு. மாணவர் ஒருவர் ஒரு கல்யாணத்துக்காக மூன்று பேட்டரிகளை முழுக்கச் சார்ஜ் ஏற்றி வைத்தார். ஒன்று கேமராவோடு வந்தது, இரண்டு இணையத்தில் மலிவாக வாங்கியவை. கல்யாணம் தள்ளிப்போயிற்று. பை அப்படியே காரில் கிடந்தது, மே மாத வெயிலில் இரண்டு வாரம். திரும்ப எடுத்துக் கேமராவில் போட்டபோது மலிவு பேட்டரிகளில் ஒன்று உள்ளேயே சிக்கிக்கொண்டது. வகுப்பில் எல்லோரும் “உப்பிடுச்சு மேடம்” என்றார்கள். நானும் ‘உப்பல்’ என்றே எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர் ‘வீக்கம்’ என்று திருத்தி அனுப்பியிருக்கிறார்.

அரங்கநாதன், தஞ்சாவூர்

அம்மா, மெய்ப்புப் பார்த்தவர் செய்தது சரிதான், ஆனால் போதாது. வீங்குதல் பெருகுதலையும் குறிக்கும். பழம்பாடல்களில் வரும் ‘வீங்குநீர்’ நோயுற்ற நீர் அல்ல, பெருகிய நீர். இன்று பணவீக்கம் என்கிறோம். நமக்கு வேண்டியது கெட்டுப்போய்ப் பருத்தல். அதற்கு ‘அதைத்தல்’ இருக்கிறது. அழுது முகம் அதைத்திருக்கிறது என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதில்லையா? மின்கல அதைப்பு என்று போடுங்கள்.

உப்பலைத் தள்ளுவதற்கும் எனக்கு மனமில்லை. உச்சி, உம்பர், உயர்வு என்று மேலெழும் பொருளில் வரும் சொற்கள் பலவும் உகரத்தில்தான் தொடங்குகின்றன. உப்புதலும் அந்த வரிசைதான். கடல் உப்புகூட நீர் வற்றியபின் மேலெழுந்து பூப்பதால்தான் அப்பெயர் பெற்றிருக்கும் என்பது என் நெடுநாளைய எண்ணம். இதை விரித்துத் தனி மடலில் எழுதுகிறேன்.

ஜோசப், நாகப்பட்டினம்

உப்பு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இங்கே எங்களுக்கு இது தினசரித் தொல்லை. கடற்கரையில் படம் எடுத்துவிட்டு வந்தால் பேட்டரியின் முனைகளில் வெள்ளையாகப் படியும். காய்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிடுவேன், ஈரத்துணி கூடாது. இன்னொன்று, ஏசி அறையிலிருந்து வெளியே வந்த உடனே மூடியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த பாட்டில் வியர்ப்பது மாதிரி கேமராவும் வியர்க்கும். ஜிப் வைத்த பைக்குள் பூட்டி, வெளிச்சூட்டுக்கு வந்தபின் திறப்பேன். இதற்கு உப்பல் என்பது நல்ல சொல்தான்.

கணேசன், கோவை

ஜோசப் அண்ணன் சொன்னது நல்ல குறிப்பு, ஆனால் கேள்வி அதுவல்ல. அதனாலேயே ‘உப்பல்’ வேண்டாமோ என்றும் தோன்றுகிறது.

நான் கேமரா பழுது பார்ப்பவன். உள்ளே நடப்பது இதுதான். லித்தியம் கலத்தில் மின்முனைகளுக்கு நடுவே ஒரு கரிமக் கரைசல் இருக்கிறது. முழுச் சார்ஜில் கலம் 4.2 வோல்ட்டில் நிற்கும். அந்த அழுத்தத்தோடு சூடும் சேர்ந்தால் கரைசல் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து வாயுவாகும். கலம் மூடியது, வாயு போக வழியில்லை. மலர்விழி அம்மா சொன்ன காரில் இரண்டும் இருந்தன. பாதிச் சார்ஜில் வீட்டு அலமாரியில் இருந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. அடுத்த வாரம் வேலை இல்லை என்றால் நான் பாதியளவு வைத்துத்தான் எடுத்து வைப்பேன், வேலைக்கு முந்தின இரவு முழுக்க ஏற்றுவேன்.

கண்டுபிடிக்க ஒரு வழி. மேசைக் கண்ணாடியில் பேட்டரியைப் படுக்கவைத்து விரலால் சுண்டுங்கள். நல்லது அரைச் சுற்றுகூடச் சுற்றாது, உரசி நின்றுவிடும். நடுவில் பருத்தது பம்பரம் மாதிரி சுற்றும். சுற்றினால் அதைச் சார்ஜரில் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். கேமராவில் சிக்கியதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுக்கப் பார்க்கிறார்கள், அது தீப்பிடிக்கிற வேலை.

அம்மா, ஒன்று கேட்கிறேன். கேமராவோடு வந்த மூன்றாவது என்னாயிற்று?

மலர்விழி

சுண்டிப் பார்த்தேன். அதுவும் லேசாகச் சுற்றுகிறது.

சிவகுமார், டொராண்டோ

வணக்கம். எங்கட பக்கம் ‘வீங்கிட்டுது’ எண்டுதான் சொல்லுவம். இங்கை வெயில் பிரச்சினை இல்லை, பனிதான். மைனஸ் 20இல் வெளியிலை நிண்டால் அரை மணித்தியாலத்திலை பேட்டரி செத்துப்போகும். குளிர் பேட்டரியைத் திண்டுபோடும். அதாலை மாதம் ஒருக்கா முழுசாக் காலியாக்கிப் பிறகு ஏத்திறனான், பழைய ஞாபகத்தை அழிக்கிறதுக்கு.

கணேசன்

சிவகுமார் அண்ணா, அது செத்துப்போவதில்லை. குளிரில் உள்ளே அயனிகள் மெதுவாக நகர்கின்றன, அதனால் காலி என்று காட்டும். உள்சட்டைப் பையில் வைத்துச் சூடேற்றினால் மீதிச் சார்ஜ் திரும்பி வரும். குளிர் கெடுப்பது சார்ஜ் ஏற்றும்போதுதான். பனியிலிருந்து வந்த கையோடு சார்ஜரில் போட்டால் லித்தியம் உள்ளே போகாமல் முனையின் மேல் உலோகமாகப் படியும். அறைச் சூட்டுக்கு வரட்டும், பிறகு போடுங்கள். ஞாபகக் கதை பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிக்கு உரியது. லித்தியத்தை முழுக்கக் காலியாக்குவது அதற்குக் கெடுதல்தான்.

பரிதி, சென்னை

எல்லோரும் ‘பேட்டரி’, ‘சார்ஜ்’ என்று எழுதிக்கொண்டு உப்பலுக்குத் தமிழ் தேடுகிறீர்கள். மின்கலம், மின்னேற்றம் என்று முதலில் எழுதுங்கள். அப்புறம், கையேட்டில் ‘மூன்றாம் தரப்பு மின்கலம்’ என்று ஒரு தலைப்பு பார்த்தேன். மாணவர்கள் அதை ‘மூன்றாம் தரம்’ என்று படிக்கவில்லையா?

மலர்விழி

படித்தார்கள்! தேர்வுத்தாளில் ஐந்து பேர் அப்படியே எழுதியிருந்தார்கள்.

கணேசன்

அது முழுத் தவறும் இல்லை, முழுச் சரியும் இல்லை. வேறு நிறுவனம் தன் பெயரில் செய்வது ஒன்று, கேமரா நிறுவனத்தின் பெயரை ஒட்டி விற்கும் போலி இன்னொன்று. முதலாவதில் நல்லவையும் உண்டு. நான் பிரித்துப் பார்த்த மலிவுப் பேட்டரிகள் சிலவற்றில், சூட்டை அளக்கும் உணரி இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண மின்தடை ஒன்றை வைத்திருந்தார்கள். பேட்டரி எவ்வளவு கொதித்தாலும் சார்ஜருக்கு அது தெரியவே தெரியாது. இதில் சொல்லைவிட அந்த உணரிதான் எனக்குப் பெரிது. ‘பிற நிறுவன மின்கலம்’ என்று போட்டால் தீர்ந்தது.

அரங்கநாதன்

பிறிது, பிறன், பிற என்று விரியும் வேர் பற்றி—

மலர்விழி

ஐயா, மன்னிக்கவும், நாளை காலை அச்சு. இப்படி முடித்திருக்கிறேன்: தலைப்பில் ‘மின்கல வீக்கம்’, உள்ளே விளக்கத்தில் ‘உப்பிய பேட்டரி’. சுண்டிப் பார்க்கும் முறையைப் படத்தோடு சேர்த்துவிட்டேன். ‘பிற நிறுவன மின்கலம்’ ஏற்றுக்கொண்டேன்.

பரிதி

ஒரே பக்கத்தில் மின்கலமும் பேட்டரியும். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அரங்கநாதன்

அதைப்புக்கு ஒரு வாக்காவது விழும் என்று பார்த்தேன்.

ஜோசப்

படம் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. ஆனால் உப்பைத் துடைப்பது பற்றி ஒரு வரிகூட இல்லையே?