படிவம் 5 கணக்கு: 11.51-ஆ, 11.65-ஆ?

குழு: பினாங்கு சொந்தங்கள்

புவனா, இரவு 8:12
[படம்]
கதிரின் வீட்டுப்பாடம். காலையில் அனுப்ப வேண்டும். திட்ட விலக்கம் மட்டும் புத்தக விடையோடு ஒத்துவரவில்லை என்று உட்கார்ந்திருக்கிறான். யாராவது பாருங்களேன்.

ரவி, 8:15
பார்த்துவிட்டேன். 4, 9, 14, 3, 5. சராசரி 33.4 வருகிறது.

மல்லிகா, 8:19
ரவி, நீ எழுதியதைக் கூட்டிப் பார். 35தான் வரும். கேள்வியின் முதல் வரியில் 40 தொழிலாளர்கள் என்று இருக்கிறது. படத்தில் நான்காவது எண்ணின் இடது பக்கம் மங்கி 3 மாதிரி தெரிகிறது, அது 8. படத்தில் இருந்து அட்டவணையை எடுத்தால் முதலில் கூட்டுத்தொகையைச் சரிபார்க்க வேண்டும். கதிர், புத்தகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் தட்டெழுது.

கதிர், 8:23
8தான் பாட்டி. வேலைக்குப் போக ஆகும் நிமிடம், முழு எண்ணாக முழுமையாக்கியது:
10–19: 4 பேர்
20–29: 9
30–39: 14
40–49: 8
50–59: 5
எனக்குச் சராசரி 34.75, மீடியன் 34.5. இரண்டும் புத்தகத்தோடு சரி. சிசிஹான் பியாவாய், அதாவது திட்ட விலக்கம், எனக்கு 11.65, புத்தகத்தில் 11.51.

ரவி, 8:25
உன் விடைதான் சரி கதிர். எங்கள் ஃபேக்டரியில் தர சோதனைக்கு எப்போதும் 39-ஆல்தான் வகுப்போம், அதாவது மொத்தத்தில் ஒன்று குறைத்து. புத்தகத்தில் அச்சுப்பிழை.

மல்லிகா, 8:31
ஃபேக்டரியில் நீ செய்வது சரிதான் ரவி. அங்கே ஆயிரக்கணக்கில் ஓடும் பொருளில் கொஞ்சத்தை மட்டும் எடுத்து அளந்து, மொத்தமும் எப்படி இருக்கும் என்று ஊகிக்கிறீர்கள். அதற்கு ஒன்று குறைத்து வகுப்பார்கள். எஸ்பிஎம் தேர்வுப் பாடத்தில் இந்த 40 பேர்தான் முழுக் கூட்டம். அதனால் 40-ஆல் வகுக்க வேண்டும். கதிர், கல்குலேட்டரில் எந்த விடையை எடுத்தாய்? xσn, xσn-1 என்று இரண்டு இருக்கும்.

கதிர், 8:33
xσn-1 பாட்டி. xσn எடுத்தால் 11.51 வருகிறது! ஆனால் வழிமுறையும் காட்டச் சொல்கிறார் ஆசிரியர். கையால் போட்டால் 10.72 வந்தது, அது எதோடும் சேரவில்லை.

மல்லிகா, 8:35
அந்த வரியைப் படம் எடுத்துப் போடு.

கதிர், 8:36
[படம்]

மல்லிகா, 8:44
கண்டுபிடித்துவிட்டேன். நடுப்புள்ளிகள் 14.5, 24.5, 34.5, 44.5, 54.5. ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தி, ஆள் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டி 53600 எடுத்திருக்கிறாய். சரி. 40-ஆல் வகுத்து 1340. அதுவும் சரி. அப்புறம் சராசரியின் வர்க்கத்தைக் கழிக்கும்போது 34.75-ஐ 35 ஆக்கிவிட்டாய். 1340-இல் 1225 போனால் 115, அதன் வர்க்கமூலம் 10.72. முழுமையாக்காமல் போடு:

```
1340 − 34.75² = 1340 − 1207.5625 = 132.4375
√132.4375 = 11.51
```

இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சிறிய எண் எடுக்கிறோம் கண்ணா. சராசரியில் கால் நிமிடம் தள்ளினாலும் கழித்து வருவதில் 17-க்கு மேல் போய்விடுகிறது. கடைசி விடை வரும்வரை முழுமையாக்காதே.

கதிர், 8:46
நன்றி பாட்டி. மீடியன் சீக்கிரம் முடிந்துவிட்டது. 5 வகுப்பில் நடு வகுப்பு 30–39, அதன் நடுப்புள்ளி 34.5.

மல்லிகா, 8:52
அப்படியா போட்டாய்! விடை சரி, வழி தப்பு. மதிப்பெண் போகும். மீடியன் நடு வகுப்பில் இல்லை, நடு ஆள் எங்கே நிற்கிறாரோ அங்கே. முதல் இரண்டு வகுப்பில் 13 பேர். 20-ஆவது ஆளைத் தொட அடுத்த வகுப்பில் 7 பேர் போக வேண்டும். அதில் 14 பேர். ஆக, பாதித் தூரம். வகுப்பு 29.5-இல் தொடங்கி 10 நிமிட அகலம், 29.5 + 5 = 34.5. சரியாகப் பாதியாக அமைந்ததால் நடுப்புள்ளியும் அதுவே ஆகிவிட்டது. 9-ஐ 5 ஆகவும், 8-ஐ 12 ஆகவும் மாற்றிப் போட்டுப் பார்.

கதிர், 8:57
முன்னால் 9 பேர், 11 போக வேண்டும். 37.36! நடுப்புள்ளி அதே 34.5.

ரவி, 8:58
ஏன் 29.5? 30 என்று தானே எழுதியிருக்கிறது?

மல்லிகா, 9:02
நிமிடத்தை முழுமையாக்கியதால் 29.6 ஆனவரும் 30 என்று எழுதப்பட்டிருப்பார். அதனால் எல்லை 29.5. வயது அட்டவணை என்றால் வேறு. 29 வயது 11 மாதம் என்றாலும் 29 என்றுதான் சொல்வோம், அங்கே எல்லை 30, நடுப்புள்ளி 35. அளந்த விதத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

கதிர், 9:05
அடுத்த பக்கத்தில் இதே 40 பேருக்குத் தண்டு–இலை வரைபடமும் இருக்கிறது. 3 என்ற தண்டுக்கு:
3 | 0 0 1 2 2 3 3 4 5 5 6 7 8 8
இதில் 20-ஆவது ஆள் 33, 21-ஆவது 34. மீடியன் 33.5. எது சரி?

மல்லிகா, 9:10
33.5தான் உண்மை. தண்டு–இலையில் ஒவ்வொருவர் எண்ணும் அப்படியே இருக்கிறது, எண்ணிப் பார்த்தால் போதும். அட்டவணையில் அது தொலைந்துவிட்டது. 14 பேரும் வகுப்புக்குள் சமமாகப் பரவியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டுதான் 34.5 எடுத்தோம். இங்கே தொடக்கத்தில் கொஞ்சம் நெருக்கமாக இருக்கிறார்கள், அதனால் உண்மை மீடியன் கீழே வந்தது. சராசரியும் அப்படித்தான், 30.25-க்கும் 39.25-க்கும் இடையே எங்கேயும் இருக்கலாம். எல்லோரும் வகுப்பின் அடியில் நின்றால் அது, உச்சியில் நின்றால் இது. அட்டவணைக் கேள்விக்கு 34.5 எழுது, தண்டு–இலைக் கேள்விக்கு 33.5.

சேகர், 9:14
அக்கா, நல்ல நேரத்தில் பார்த்தேன். எங்கள் பட்டர்வொர்த் ஃப்ளாட்டில் 60 வீட்டு வருமானம் கேட்டு எடுத்தோம். 2000 ரிங்கிட்டுக்குக் கீழ் 12 வீடு, 2000–3999 24, 4000–5999 15, 6000–9999 6, 10000-க்கு மேல் 3. சராசரி என்ன என்று கமிட்டியில் கேட்கிறார்கள். கடைசிக்கு நடுப்புள்ளி எது?

மல்லிகா, 9:23
அதற்கு நடுப்புள்ளியே இல்லை தம்பி, மேல் எல்லை இல்லையே. அந்த 3 வீட்டுக்கும் 12000 என்று வைத்தால் சராசரி 4050, 20000 என்று வைத்தால் 4450. மூன்றே வீடு 400 ரிங்கிட் நகர்த்துகிறது. திட்ட விலக்கம் இன்னும் மோசமாக ஆடும். மீடியன் கொடு, 3500. கடைசி வகுப்பு எவ்வளவு என்றாலும் அது அசையாது.

சேகர், 9:26
தலைவர் சராசரிதான் வேண்டும் என்கிறார், மானிய விண்ணப்பப் பாரத்தில் அந்தக் கட்டம் இருக்கிறதாம்.

ரவி, 9:28
12000 போட்டுவிடுங்கள் சித்தப்பா.

மல்லிகா, 9:30
போட்டால், அந்த 12000 நாமே வைத்துக்கொண்டது என்று பக்கத்தில் எழுது. இல்லை, அந்த 3 வீட்டையும் கேட்டுப் பார்.

சேகர், 9:33
கேட்டால் சொல்வார்களா தெரியவில்லை. ஞாயிறு கூட்டத்தில் பேசுகிறேன்.

கதிர், 9:41
பாட்டி, ஓஜிஃப் என்ற குவிவு வளைகோடு வரைந்து மீடியன் படித்தேன், 34 வருகிறது. 34.5 என்று திருத்தணுமா, அப்படியே விடலாமா?

மல்லிகா, 9:44
வரைபடத்தில் இருந்து படித்ததை அப்படியே எழுது. ஆனால் புள்ளிகளை 29.5, 39.5 மேல் வைத்தாயா, 29, 39 மேலா? படம் போடு.