ஒரே நாளில் மூன்று ஆட்டோபே: எது முதலில் போகும்?

கேள்வி (கோத்தகிரி, சிறு தேயிலை விவசாயி)

என் சேமிப்புக் கணக்கிலிருந்து ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி மூன்று தொகைகள் தானாகவே எடுக்கப்படுகின்றன: பைக் கடன் தவணை 3,850 ரூபாய், மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி. 2,000 ரூபாய், காப்பீட்டு பிரீமியம் 1,640 ரூபாய். இம்மாதம் 5ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சாலையிலிருந்து பசுந்தேயிலைப் பணம் திங்கள் மதியம்தான் வரவிருந்ததால், கணக்கில் 5,900 ரூபாய் மட்டுமே இருந்தது. எஸ்.ஐ.பி.யும் பிரீமியமும் போய்விட, 2,260 ரூபாய் மிஞ்சியது. தவணை பவுன்ஸ் ஆகிவிட்டது. வங்கி 295 ரூபாய் பிடித்துக்கொண்டது, கடன் நிறுவனம் தனியாக 590 ரூபாய் கேட்கிறது. தவணைதான் முதலில் போக வேண்டும் என்று வங்கியிடம் சொல்லி வைக்க முடியுமா?

பதில் 1 (ஊட்டி)

ஞாயிற்றுக்கிழமை எதுவும் எடுக்க மாட்டார்கள், மறுநாள்தான் எடுப்பார்கள். வங்கி தவறு செய்திருக்கிறது, புகார் கொடுங்கள்.

பதில் 2 (கூடலூர், ஆசிரியர்)

கடனுக்கே எப்போதும் முதலிடம் என்பதுதான் என் அனுபவம். என் கணக்கில் 1,200 ரூபாய் இருந்தபோதுகூட, தவணைக்காக அதை அப்படியே எடுத்துக்கொண்டு மீதியைப் பாக்கியாக வைத்தார்கள். உங்களுக்கு மட்டும் ஏன் மாறியது என்று தெரியவில்லை.

பதில் 3 (குன்னூர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்)

ஆசிரியரே, உங்கள் கடனும் கணக்கும் ஒரே வங்கியில் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் வங்கி தன் கடனுக்காக இருக்கிற தொகையை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். கேள்வி கேட்டவருடைய மூன்றுமே வெளியிலிருந்து நாச் என்ற தானியங்கிப் பணப்பிடிப்பு முறை வழியாக வருபவை. அதில் பாதி எடுப்பது என்பது கிடையாது. முழுத்தொகை இருந்தால் போகும், இல்லையேல் திரும்பும்.

ஊட்டி நண்பர் சொன்னது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் ஞாயிறு, விடுமுறை நாட்களிலும் இயங்குகிறது. ஆகவே இதில் வங்கியின் தவறு ஏதும் இல்லை.

இனி வரிசை. ஒவ்வொரு நிறுவனமும் தன் கோரிக்கைகளைத் தன் வங்கியிடம் கொடுக்கிறது, அவை நாச்சை நடத்தும் என்.பி.சி.ஐ. வழியாக உங்கள் வங்கிக்கு ஒரு நாளில் பல தொகுப்புகளாக வந்து சேர்கின்றன. வந்த வரிசையில் கணினி இருப்பைப் பார்க்கிறதே தவிர, எது அவசரமானது, எது பெரிய தொகை என்று அது எடைபோடுவதில்லை. அடுத்த மாதம் இதே வரிசை வரும் என்றும் சொல்ல முடியாது. எனவே முன்னுரிமை கேட்டுக் கிளைக்குப் போவதில் பயனில்லை. தொகுப்புகள் பெரும்பாலும் காலையிலேயே ஓடிவிடும் என்பதால், பணம் முந்தைய நாள் இரவே கணக்கில் இருக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். மூன்றும் சேர்ந்தால் 7,490 ரூபாய். தவணை முதலில் போயிருந்தால் 2,050 மிஞ்சும், அதில் எஸ்.ஐ.பி. போனபின் 50 ரூபாயை வைத்துக்கொண்டு பிரீமியம் திரும்பியிருக்கும். எந்த வரிசையானாலும் ஒன்று பவுன்ஸ்தான், வங்கியின் 295 ரூபாயும் நிச்சயம்தான். 1,640 திரும்பினாலும் 3,850 திரும்பினாலும் வங்கிக் கட்டணம் பொதுவாக ஒன்றே. வேறுபடுவது மறுபக்கத்து நிறுவனம் கேட்பது. எஸ்.ஐ.பி. தவறினால் ஃபண்ட் நிறுவனம் அபராதம் கேட்பதில்லை, ஆனால் மாதாந்திர எஸ்.ஐ.பி. தொடர்ந்து மூன்று முறை தவறினால் ரத்தாகும். மாதப் பிரீமியத்துக்கு 15 நாள் சலுகை உண்டு. தவணைக்கு மட்டும் எந்தத் தயவும் இல்லை. ஆகவே பணம் குறையும் மாதத்தில் நீங்கள் நிறுத்த வேண்டியது எஸ்.ஐ.பி.யைத்தான், அதையும் பவுன்ஸ் ஆக விடாமல், சில நாட்களுக்கு முன்பே ஃபண்ட் செயலியில் இடைநிறுத்தக் கோரிக்கை கொடுத்துவிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. தேயிலைப் பணம் இன்று வந்துவிட்டது. தவணையைக் கடன் நிறுவனத்தின் செயலியிலேயே கட்டிவிடலாமா?

பதில் 3 (தொடர்ச்சி)

கட்டலாம், ஆனால் முதலில் அவர்களிடம் பேசுங்கள். அவர்கள் மறுபடியும் கோரிக்கை அனுப்பியிருந்தால், நீங்கள் கட்டியது ஒரு பக்கம் இருக்க, இன்னொரு 3,850 எடுக்கப்படும். அதைத் திரும்பப் பெற அலைய நேரும். அந்த நேரத்தில் இருப்பு போதாமல் இருந்தால் இரண்டாவது 295 ரூபாய் வேறு.

பதில் 4 (கோத்தகிரி, கணக்காளர்)

இங்குள்ள விவசாயிகளுக்கு நான் சொல்வது, தவணைத் தேதியைத் தேயிலைப் பணம் வரும் தேதிக்குப் பின்னால் தள்ளுங்கள் என்பதே. நிறுவனம் சம்மதித்தால், இடைப்பட்ட நாட்களுக்கான வட்டியை முதல் மாதம் சேர்த்து வாங்குவார்கள்.

கேள்வி கேட்டவர்

பேசிவிட்டேன். மறுகோரிக்கை இன்னும் அனுப்பவில்லை என்றார்கள், தவணையைச் செயலியில் கட்டிவிட்டேன். 12ஆம் தேதிக்கு மாற்றப் புதிய ஒப்புதல் படிவம் கேட்கிறார்கள். 590 ரூபாயைக் குறைப்பது பற்றி மேலாளரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். வங்கிக் கிளை 295 ரூபாயைத் திருப்பித் தர மறுத்துவிட்டது.