வெள்ளத் தண்ணிக்கு அப்புறம் எலிக்காய்ச்சல்: எங்க வீட்டு அனுபவம்

கானாடுகாத்தான் பையன்:
போன ஐப்பசி மழையில எங்க பழைய வீட்டு ரெண்டாங்கட்டு முற்றத்துல முழங்கால் அளவு தண்ணி நின்னுச்சு. தண்ணி வெளியே போற சலதாரைக் குழியில சருகும் எலி வளை மண்ணும் அடைச்சிருந்துச்சு. அப்பச்சிக்கு, அதான் எங்க அப்பாவுக்கு, வயசு 61. ஆள் வர்ற வரைக்கும் பொறுக்காம, வெறுங்காலோட இறங்கி ரெண்டு மணி நேரம் கையாலேயே அள்ளினாங்க. குதிகால்ல பித்தவெடிப்பு இருந்ததை யாரும் நினைச்சுப் பார்க்கல.

பத்தாம் நாள் திடீர்னு குளிர் காய்ச்சல். தலைவலியை விட கெண்டைக்கால் வலிதான் அதிகம். தொட்டாலே கத்துனாங்க. கண்ணு ரெண்டும் சிவந்திருந்துச்சு, ஆனா பீளை இல்லை. மழையில நனைஞ்சதுன்னு ரெண்டு நாள் வலி மாத்திரையிலேயே ஓட்டினோம்.

காய்ச்சல் வந்த நாலாம் நாள் ரத்தம் எடுத்தாங்க. தட்டணு குறைஞ்சு 90,000. டெங்கு இல்லை. எலிக்காய்ச்சல் பரிசோதனையும் நெகட்டிவ். ‘வைரல்தான்’னு அனுப்பிட்டாங்க. நாங்களும் நிம்மதியா வீட்டுக்கு வந்தோம். ஏழாம் நாள் கண்ணு மஞ்சள். காலையிலிருந்து சாயந்தரம் வரைக்கும் அரை டம்ளர் சிறுநீர். சிறுநீரகம் கெட்டா ரத்தத்துல ஏறுற கிரியேட்டினின் 4.2. மதுரைக்குக் கொண்டு போய் ரெண்டு தடவை டயாலிசிஸ் பண்ணித்தான் மீட்டோம். அங்க மறுபடி எடுத்தப்ப அதே பரிசோதனை பாசிட்டிவ். நாலாம் நாள் பொய்யா வந்துச்சா, இல்ல லேபில தப்பா?

ஓய்வு செவிலியர், காரைக்குடி:
தம்பி, லேபில தப்பு நடந்திருக்கணும்னு அவசியமில்லை. அந்தப் பரிசோதனை கிருமியைத் தேடாது. கிருமிக்கு எதிரா நம்ம உடம்பு உண்டாக்குற எதிர்ப்பொருளைத் தேடும். அது ரத்தத்துல தெரியவே ஐந்தாறு நாள் ஆகும். முதல் வாரத்துல கிருமிதான் ரத்தத்துல ஓடிக்கிட்டிருக்கும். அதை நேரடியா பிடிக்கிறது பிசிஆர், ஆனா எல்லா ஊர்லயும் கிடைக்காது. அதனால நாலாம் நாள் நெகட்டிவ் வந்தா ‘இல்லை’ன்னு அர்த்தமில்லை, ‘இன்னும் தெரியல’ன்னுதான் அர்த்தம்.

நான் வார்டுல இருந்த காலத்துல கேட்கிற முதல் கேள்வி, ‘ரெண்டு மூணு வாரத்துக்குள்ள கலங்கின தண்ணியில இறங்கினீங்களா?’ன்னுதான். பீளை இல்லாத சிவந்த கண்ணு, கெண்டைக்கால் வலி, அதோட தண்ணியில நின்ன கதை. மூணும் சேர்ந்தா ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே மருந்து ஆரம்பிக்கிற டாக்டரைத்தான் நான் கெட்டிக்காரர்னு சொல்லுவேன். லேசான காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் ராத்திரியும், ஏழு நாள். அதிகமானா பென்சிலினோ செஃப்ட்ரியாக்சோனோ ஊசியா போகும். கர்ப்பிணிக்கும் சின்னப் பிள்ளைக்கும் வேற மருந்து, அதை டாக்டர்தான் முடிவு பண்ணணும். கிருமி சிறுநீரகத்துல போய்த் தங்கிக் கெடுத்த பிறகு மருந்து கிருமியைக் கொல்லும், கெட்டுப்போனதை உடனே சரிபண்ணாது. இன்னொண்ணு, சிறுநீரகம் தடுமாறுற நேரத்துல டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை போடுறது எரியிற இடத்துல எண்ணெய் ஊத்துறதுதான்.

தேவகோட்டை கடைக்காரர்:
எலி செத்த தண்ணியைக் குடிச்சாத்தானே இது வரும்? எங்க வீட்ல காய்ச்சித்தான் குடிக்கிறோம், பயமில்லை.

ஓய்வு செவிலியர், காரைக்குடி:
காய்ச்சிக் குடிக்கிறது நல்லதுதான் அண்ணாச்சி, ஆனா அது ஒரு வாசலை மட்டும்தான் அடைக்குது. எலி சாகவே வேணாம், அதோட மூத்திரம் கலந்தா போதும். வெட்டு, உரசல், தண்ணியில ஊறி வெளுத்துப்போன தோல், கண்ணு, மூக்கு, வாய் எல்லாமே வழிதான். ஆடு மாடு, நாய் மூத்திரத்துலயும் இருக்கும்.

பள்ளத்தூர் மாட்டுக்காரர்:
மாடுன்னு சொன்னீங்களே, எங்க செவலைக்குப் போன மாசம் கன்னு கலைஞ்சிருச்சு. அதுவும் இதுவா? நான் வெறுங்கையாலதான் எடுத்துப் போட்டேன்.

ஓய்வு செவிலியர், காரைக்குடி:
இருக்கலாம், ஆனா கன்னு கலையிறதுக்குக் காரணம் நிறைய. கால்நடை டாக்டர்தான் சொல்லணும். உங்களுக்குக் காய்ச்சல் வந்தா மட்டும் இந்த விஷயத்தை மறைக்காம சொல்லுங்க.

கானாடுகாத்தான் பையன்:
ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அப்பச்சியோட அதே தண்ணியைத் துடைப்பத்தால தள்ளினது வீட்டு வேலைக்கு வர்ற அக்கா. அப்பச்சி மதுரையில கிடக்கும்போதே அவங்களுக்கும் காய்ச்சல். இந்தத் தடவை நான் டாக்டர்கிட்ட முதல் வார்த்தையே ‘சலதாரைத் தண்ணி’ன்னேன். ரெண்டாம் நாளே மாத்திரை. முதல் மாத்திரை போட்ட ராத்திரி நடுக்கம் கூடிருச்சு, அலர்ஜின்னு பயந்து ஓடினோம். கிருமி சாகும்போது சிலருக்கு அப்படி வரும், நிறுத்தாதீங்கன்னாங்க. நாலாம் நாள் எழுந்து சோறு சாப்பிட்டாங்க.

கோட்டையூர் வாசகி:
அப்போ தண்ணியில இறங்குறவங்க எல்லாரும் முன்கூட்டியே அந்த டாக்சிசைக்ளினை வாரத்துக்கு 200 மில்லிகிராம் போட்டுக்கலாம்ல? எங்க கண்மாய்க் கரையில வேலை செஞ்சவங்களுக்குக் கொடுத்தாங்களே.

ஓய்வு செவிலியர், காரைக்குடி:
தண்ணியில தொடர்ந்து நிக்கிறவங்களுக்குக் கொடுக்கிற வழக்கம் உண்டு. எவ்வளவு காப்பாத்தும்கிறதுல டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஊருக்கே கொடுக்கணும்னு நான் சொல்லமாட்டேன். போட்டவங்களும் பூட்ஸ் இல்லாம இறங்கக் கூடாது.

கானாடுகாத்தான் பையன்:
அப்பச்சிக்கு மூணு மாசம் கழிச்சு கிரியேட்டினின் 1.3. சலதாரைக்கு இரும்பு வலை போட்டாச்சு. எலி இப்போ ஓட்டு மேல.