ஒன்பதுக்குப் பிறகு நான்கு வந்த செய்முறைத் தேர்வு

திருமங்கலம் மாணவி
மதுரையை ஒட்டிய ஒரு கல்லூரியில் நடந்த செய்முறைத் தேர்வில், நான்கு ஜே.கே. ஃபிளிப்-ஃபிளாப்புகளைக் கொண்டு 0 முதல் 9 வரை எண்ணி மறுபடியும் 0-க்கு வரும் ரிப்பிள் கவுண்டர் அமைக்கும் கேள்வி எனக்கு விழுந்தது. பத்து என்பது 1010 ஆகையால் Q3, Q1 இரண்டையும் நேண்ட் கேட்டில் கொடுத்து, அதன் வெளியீட்டை அந்த இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்புகளின் கிளியருக்கு மட்டும் இணைத்தேன். மற்ற இரண்டும் அந்நேரத்தில் 0-ஆகத்தானே இருக்கின்றன, அவற்றுக்கு எதற்கு ஒயர் என்று நினைத்தேன். கிளாக்கை ஒவ்வொரு தட்டாகக் கொடுத்தபோது ஒன்பதுக்குப் பிறகு திரையில் 4 வந்தது. பிறகு 5, 6, 7, 8, 9, மறுபடியும் 4. தேர்வாளர் "ஏம்மா நாலு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஒயர் லூசாக இருக்கும் ஐயா என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

மேலூர்க்காரன்
ரிப்பிள் கவுண்டரின் தாமதம்தான் காரணம். ஒரு ஃபிளிப்-ஃபிளாப்புக்கு 20 நானோ செகண்டு என்று வைத்தால் நான்கிற்கு 80, ஆகவே 12.5 மெகாஹெர்ட்சுக்கு மேல் அது ஓடவே ஓடாது. சிங்க்ரனஸ் கவுண்டரில் எல்லாவற்றுக்கும் ஒரே கிளாக் என்பதால் இந்தத் தொல்லை கிடையாது.

பழைய லேப் உதவியாளர்
தம்பி, அந்தப் பெண் கையால் தட்டிய கிளாக்குக்கு 80 நானோ செகண்டு ஒரு பொருட்டா? அவர் கேட்டது வேறு. 74எல்எஸ்76 போன்ற சிப்புகளில் கிளாக் விழும்போதுதான் ஃபிளிப்-ஃபிளாப் மாறும். 1010 வந்ததும் கிளியர் Q1-ஐ 1-இலிருந்து 0-க்குத் தள்ளுகிறது. அந்த வீழ்ச்சியே அடுத்த ஃபிளிப்-ஃபிளாப்புக்குக் கிளாக். அதன் கிளியரில் ஒயர் இல்லாததால் Q2 தாராளமாக 1-ஆகிவிட்டது. Q3 ஏற்கெனவே அழிக்கப்பட்டுவிட்டது, Q2 எழுந்தது அதைத் தொடாது. மிஞ்சியது 0100. நான்கு கிளியரையும் சேர்த்து இணைத்திருந்தால் Q2 அழுத்திப் பிடிக்கப்பட்டிருக்கும்.

உங்கள் 12.5 மெகாஹெர்ட்ஸ் கணக்கும் பாதிதான் சரி. ஒவ்வொரு தட்டிலும் நான்கு பிட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டுமானால் அந்த எல்லை உண்டு. 7-இலிருந்து 8-க்குப் போகும்போது நான்கும் வரிசையாக மாறியாக வேண்டும், இடையில் 6, 4, 0 என்று பொய் எண்கள் தோன்றி மறையும். வெறுமனே 16-ஆல் வகுத்த அலை போதுமென்றால், முதல் ஃபிளிப்-ஃபிளாப் எவ்வளவு வேகம் தாங்குமோ அவ்வளவு கிளாக் கொடுக்கலாம். சிங்க்ரனசுக்கும் எல்லை உண்டு: ஃபிளிப்-ஃபிளாப் 20, கேட் 15, செட்டப் 20 என்று வைத்தால் 55 நானோ செகண்டு, ஏறத்தாழ 18 மெகாஹெர்ட்ஸ். நான்கு பிட்டில் வித்தியாசம் இவ்வளவுதான். பிட்டுகள் கூடக் கூடத்தான் ரிப்பிள் பின்தங்கும்.

உசிலம்பட்டி மில்
எங்கள் அரிசி ஆலையில் மூட்டை எண்ண ரிப்பிள் கவுண்டர்தான் வைத்திருந்தோம். ஒரு மூட்டைக்கு மூன்று என்று எண்ணியது. சுவிட்ச் தொடும்போது துள்ளுவதுதான் காரணம். ஒரு லாட்ச் வைத்ததும் சரியாயிற்று. நீங்களும் சுவிட்சைப் பாருங்கள். கூடவே 7476-இல் ஐந்து வோல்ட் 5-ஆம் காலுக்கு, கிரவுண்டு 13-க்கு என்பதையும் மறக்காதீர்கள். வழக்கம்போல் 16-க்கும் 8-க்கும் கொடுத்து நேரத்தை வீணாக்கியவன் நான். சப்ளையின் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள். ஒயரைக் குட்டையாக வெட்டுங்கள்.

மேலூர்க்காரன்
சுவிட்ச் துள்ளினால் எண் தாவும், ஒவ்வொரு முறையும் ஒழுங்காக 4-க்கே வராது அண்ணே. என் கணக்கில் வகுப்பதையும் படிப்பதையும் நான் பிரிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கிளியரை நம்பும் கவுண்டரை நான் அமைக்கமாட்டேன்.

திருமங்கலம் மாணவி
நேற்று நான்கு கிளியரையும் இணைத்துப் பார்த்தேன், 9-க்குப் பிறகு 0 வந்தது. ஆனால் Q3 வெளியீட்டில் நீளமான ஒயர் மாட்டியபோது எப்போதாவது 9-க்குப் பிறகு 8 வருகிறது.

பழைய லேப் உதவியாளர்
Q1 முந்திக்கொண்டு 0-ஆனதும் நேண்ட் கேட் கிளியரை விட்டுவிடுகிறது. Q3 அழிவதற்குள் துடிப்பு முடிந்துவிட்டால் 1000 நிற்கும். உங்கள் நீள ஒயர்தான் அதைச் செய்கிறதா என்பதை ஸ்கோப்பில் பார்க்காமல் சொல்லமாட்டேன். கிளியரை ஒரு லாட்ச்சில் பிடித்துவைக்கலாம். அதைவிட, கிளியரே தேவைப்படாத இந்த இணைப்பை ஒரே கிளாக்கில் போட்டுப் பாருங்கள்:

```
J0 = K0 = 1
J1 = Q0·Q3'     K1 = Q0
J2 = K2 = Q0·Q1
J3 = Q0·Q1·Q2   K3 = Q0
```

ஒன்பதில் Q3' பூஜ்யம் என்பதால் Q1 எழவே எழாது. 1010 என்ற நிலை எண்ணிக்கைக்குள் வருவதே இல்லை.

திருமங்கலம் மாணவி
போட்டேன் ஐயா, 9-க்குப் பிறகு 0 தவறாமல் வருகிறது. மின்சாரம் கொடுத்ததும் ஒருமுறை நான்கு எல்.இ.டி.யும் 1101 என்று நின்றன, அடுத்த தட்டில் 0100. மறுபடியும் நாலா என்று தூக்கிவாரிப்போட்டது. தாளில் எழுதிப் பார்த்தால் 13-இலிருந்து 4-க்குத்தான் வர வேண்டும். Q0-உம் Q3-உம் விழுகின்றன, Q2 அப்படியே நிற்கிறது. இந்த நாலுக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும்.