பழைய குரூப் 4 கைடைக் கைமாற்றும்போது என்ன எழுதுகிறீர்கள்? உங்கள் அனுபவம்

கோபிசெட்டிபாளையம், நூலகத் தன்னார்வலர்

பரீட்சை முடிந்ததும் எங்கள் ஊர் நூலகத்துக்குக் கைடுகள் வந்துகொண்டே இருக்கும். அடுத்தவர் கைக்குப் போகும் முன் ஒவ்வொன்றின் உள்ளட்டையிலும் ஒரு சீட்டு எழுதி ஒட்டுகிறோம். போன மாதம் வந்த ஒன்றைச் சொல்கிறேன். அட்டையில் பெரிதாக ‘2023 புதிய பதிப்பு’. உள்ளே பதிப்பு விவரப் பக்கத்தில் ‘முதற்பதிப்பு 2018, மறு அச்சு 2023’. அதாவது 2023 என்பது அச்சடித்த வருடம், பாடம் எழுதிய வருடம் அல்ல.

சந்தேகத்தோடு பாடத்திட்டப் பக்கத்தைப் பார்த்தேன். ‘பொதுத்தமிழ் அல்லது பொது ஆங்கிலம்’ என்று இருந்தது. 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு குரூப் 4-இல் அந்த ‘அல்லது’ கிடையாது. தமிழ்ப் பகுதி எல்லோருக்கும் கட்டாயம், அதில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கிலத்தை நம்பி ஒரு பிள்ளை இதை வாங்கிப் படித்தால் என்னாவது?

ஆகவே சீட்டில் இப்படி எழுதினேன்: ‘குரூப் 4. மறு அச்சு 2023, பாடம் 2018. பாடத்திட்டம் 2021-க்கு முந்தையது. தமிழ் வழி. மாதிரித் தாள்களுக்கு விடை கடைசியில், விளக்கம் இல்லை.’

பெருந்துறை, தேர்வுக்குப் படிப்பவர்

அண்ணா, 2021-க்குப் பிந்தையது என்று மட்டும் எழுதினாலும் போதாதுங்க. 2024 டிசம்பரில் பாடத்திட்டம் இன்னொரு தடவை மாறியது. நான் வாங்கியதில் தமிழ் கட்டாயம் என்றுதான் இருந்தது, ஆனால் பொதுத்தமிழ் மூன்று பகுதியாக இருந்தது: இலக்கணம், இலக்கியம், தமிழறிஞர்களும் தமிழ்த்தொண்டும். அது 2022, 2024 தேர்வுகளின் அமைப்பு. இப்போது கலைச்சொற்கள், எளிய மொழிபெயர்ப்பு என்று தனித்தனி அலகுகள் வந்துவிட்டன. பொருளடக்கத்தில் அந்த இரண்டும் இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். விற்பவர்கள் பொருளடக்கத்தைப் படம் எடுத்துப் போட்டால் புண்ணியமாகப் போகும்.

திருப்பூர், தாய்

என் பையன் பத்தாவது. பக்கத்து வீட்டில் 2018 கைடு ஒன்று சும்மா கொடுக்கிறார்கள். வாங்கலாமா?

கோபி

வேண்டாமுங்க அக்கா. பத்தாவதுக்குப் புதுப் பாடநூல் 2019-இல் வந்தது. 2018 கைடு அதற்கு முந்தைய புத்தகத்துக்கானது.

ஈரோடு, அரசு ஊழியர்

விடை இல்லை என்பதற்காக ஒரு புத்தகத்தை ஒதுக்க வேண்டாம். தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே விடைக்குறிப்பு கிடைக்கிறது, அச்செடுத்துச் செருகினால் முடிந்தது.

உக்கடம், பழைய புத்தகக் கடை

நீங்கள் சொல்வது நடந்து முடிந்த தேர்வின் வினாத்தாளுக்குச் சரி. பதிப்பகத்தார் தாங்களே தயாரித்த மாதிரித் தாளுக்கு அங்கே விடை ஏது? அதோடு, தேர்வு முடிந்த சில நாளில் வருவது தற்காலிக விடைக்குறிப்பு. அதற்கு ஆட்சேபம் தெரிவிக்க 7 நாள் கொடுப்பார்கள், இறுதி விடை தேர்வுப் பணியெல்லாம் முடிந்த பிறகுதான் வரும். அவசரமாக அச்சாகும் தொகுப்பில் தற்காலிக விடையே ஏறிவிடும், மாறிய கேள்விகள் அப்படியே நிற்கும். எது என்று புத்தகத்தில் போட்டிருந்தால் அதை எழுதுவேன். போடவில்லை என்றால் ‘எந்த விடை என்று குறிப்பிடவில்லை’ என்றே எழுதுவேன்.

இன்னொன்று, நிறையத் தொகுப்புகளில் விடைகள் தனிச் சிறுபுத்தகமாகச் செருகி வரும், கைமாறும்போது அதுதான் முதலில் காணாமல் போகும். ‘விடைகள் தனிப் புத்தகத்தில்’ என்ற வரி உள்ளே இருந்து, அந்தப் புத்தகம் இல்லையென்றால் விலையைக் குறைத்துவிடுவேன். கேள்விக்கு மேலேயே பென்சிலால் விடையை வட்டமிட்டிருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். பயிற்சி செய்கிறவருக்கு அந்தத் தாள் பயன்படாது.

பொள்ளாச்சி, ஆங்கில வழியில் படித்தவர்

மொழி விஷயத்தில் எனக்கு நேர்ந்தது: ‘இரு மொழி’ என்று விளம்பரம், வாங்கிப் பார்த்தால் முந்தைய வினாத்தாள்கள் மட்டும் இரண்டு மொழியிலும் இருந்தன. விளக்கங்கள் முழுக்கத் தமிழ். அறிவியல் பாடத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்த்தேன். கேள்வி எந்த மொழி, விளக்கம் எந்த மொழி என்று பிரித்து எழுதுங்கள்.

ஈரோடு

விடைக்குறிப்பு விஷயம் புரிந்தது. ஆனாலும் 25 கேள்வி வரும் திறனறிவுக் கணக்குக்குப் பழைய கைடு தாராளமாகப் போதும். தனிவட்டி, கூட்டுவட்டி எல்லாம் மாறவா போகிறது?

பெருந்துறை

கணக்கு மாறாதுங்க சார், கேட்கும் விதம் மாறுகிறது. பழைய கைடில் ஒரு வரிக் கணக்காகவே இருக்கிறது. அதை மட்டும் போட்டுப் பழகினால் நேரம் பத்தாது என்பது என் எண்ணம்.

கோபி

அப்படியானால் சீட்டில் ‘கணக்குப் பகுதி மட்டும் பயன்படும்’ என்று எழுதலாமா, வேண்டாமா? 2018 கைடு இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது. இந்த வருடம் தேர்வு எழுதியவர்கள் யாராவது கணக்கைப் பற்றிச் சொன்னால் சீட்டை முடித்துவிடுவேன்.